சுட்டாமல் காட்டுதல்: முழுவட்ட ஓவியம் முதல் மெய்நிகர் காணொளி வரை விவரணை உரையின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

பார்வையாளரைச் சுற்றிலும் காட்சி விரியும் மெய்நிகர் காணொளியில், அவர் எங்கு நோக்குகிறார் என்பதை எழுத்தாளர் அறிய இயலாது. அதனால் தட்டைத்திரைக்கென எழுதப்பட்ட விவரணை உரையை அப்படியே அதில் பயன்படுத்த முடிவதில்லை. இச்சிக்கல் புதியதன்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய முழுவட்ட ஓவியக்கூடங்களே இதனை முதலில் எதிர்கொண்டன. அக்கூடங்களின் விளக்கத்தாள், விரிவுரையாளர் ஆகிய இரு தீர்வுகளையும், 2015க்குப் பிந்தைய மெய்நிகர் ஆக்கங்களின் அனுபவத்தையும் இக்கட்டுரை ஒப்பிடுகிறது. பின்னர், கேட்டிஸ்பர்க் ஓவியத்துக்கான ஒரு விவரணைப் பகுதியைத் திருத்தி எழுதிக்காட்டி, பார்வையை வற்புறுத்தாமல் கவனத்தை வழிநடத்தும் உரையின் இலக்கணத்தை வரையறுக்க முயல்கிறது.

முன்னுரை

திரைப்படத்தில் எதைக் காண வேண்டும் என்பதைச் சட்டகம் முடிவு செய்கிறது. ஆவணப்படத்தின் குரல் ஒரு பொருளின் பெயரைச் சொல்லும் கணத்தில் அப்பொருள் திரையில் இருக்கும். சொல்லுக்கும் பொருளுக்கும் இடையிலான இந்த உடனிகழ்வையே விவரணை எழுத்தாளர் நம்பி எழுதுகிறார். 360 பாகைக் காணொளியில் சட்டகம் இல்லை. தலையில் அணியும் கருவி ஒரு நேரத்தில் ஏறத்தாழ 90 முதல் 110 பாகை அளவிலான பரப்பையே காட்டுகிறது. எனவே தொடுவானத்தின் பெரும்பகுதி எப்போதும் பார்வையாளருக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ மறைந்திருக்கும். குரல் ஒன்றைச் சொல்ல, கண் வேறொன்றில் நிலைத்திருப்பது இங்கு இயல்பான நிலையாகும்.

இதனைச் சரிசெய்ய எளிதாகத் தோன்றும் வழி கட்டளையிடுவதாகும். 'வலப்புறம் திரும்புங்கள்' என்று குரல் சொல்லலாம். அவ்வாறு சொன்னால், பார்வையாளருக்குக் கிடைத்த சுதந்திரம் அவ்வாக்கியத்தோடு பறிபோகிறது. எதுவும் சொல்லாமல் விட்டாலோ, அவர் முக்கியமானதைக் காணாமலே வெளியேறக்கூடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட உரை எவ்வாறு அமையும் என்பதே இக்கட்டுரையின் வினா.

பார்க்கரின் மண்டபமும் விளக்கத்தாளும்

இராபர்ட் பார்க்கர் என்னும் ஓவியர் 1787இல் முழுவட்ட ஓவியக் காட்சிக்குக் காப்புரிமை பெற்றார். 1793இல் இலண்டனின் லெஸ்டர் சதுக்கத்தில் இதற்கெனவே கட்டப்பட்ட வட்ட மண்டபம் திறக்கப்பட்டது. பார்வையாளர் இருண்ட வழியாக நடந்து, படியேறி, மண்டபத்தின் நடுவிலுள்ள மேடையை அடைவார். ஓவியத்தின் மேல்விளிம்பை ஒரு விதானம் மறைத்தது. மேடையின் தடுப்பு, அவர் ஓவியத்தை நெருங்காதபடி பார்த்துக்கொண்டது. இவ்வாறு சட்டகம் என்பதே கண்ணுக்குத் தெரியாதபடி அகற்றப்பட்டது.

சட்டகம் அகன்றதும், எது எது என்று தெரியாத நிலை தோன்றியது. பார்க்கர் இதற்கு எழுத்து வடிவிலான ஒரு தீர்வைக் கண்டார். பார்வையாளருக்கு வழங்கப்பட்ட அச்சுத்தாளில் ஓவியத்தின் சிறுவடிவம் வட்டமாக வரையப்பட்டிருந்தது. அதிலிருந்த இடங்களுக்கு எண்களும், அவ்வெண்களுக்குப் பெயர்களும் தரப்பட்டிருந்தன. பிற்காலத்தில் இவ்வட்ட வரைபடம் கைவிடப்பட்டு, நீண்ட பட்டைகளாக விரித்த வரைபடம் வந்தது.

இத்தாளின் இயல்பு கவனத்திற்குரியது. இதில் வரிசை உண்டு. ஆயினும் கட்டாயம் இல்லை. ஒருவர் ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கலாம். தம் கண்ணில் பட்ட கோபுரத்தின் பெயரை மட்டும் தேடி அறிந்துகொண்டு தாளை மடித்தும் வைக்கலாம். பார்வை முதலில் நிகழ, பெயர் அதனைத் தொடர்கிறது. அதே வேளையில் இம்முறைக்கு ஒரு குறையும் உண்டு. தாளைப் படிக்கும் கண், அந்நேரத்தில் ஓவியத்தைப் பார்ப்பதில்லை. மேலும், பெயர்ப்பட்டியல் கதையாவதில்லை. ஒரு போரின் போக்கை எண்களின் வரிசையால் உணர்த்துவது கடினம்.

கேட்டிஸ்பர்க் ஓவியமும் விரிவுரையாளரும்

பிரெஞ்சு ஓவியர் பால் பிலிப்போட்டோ 1882இல் அமெரிக்காவின் கேட்டிஸ்பர்க் போர்க்களத்துக்குச் சென்றார். அங்கு எடுக்கச் செய்த ஒளிப்படத் தொடரை அடிப்படையாகக் கொண்டு, 1863 ஜூலை 3ஆம் நாள் நிகழ்ந்த தென்னவர் படையெடுப்பை முழுவட்ட ஓவியமாக வரைந்தார். அதன் முதல் வடிவம் 1883இல் சிகாகோவிலும், மற்றொரு வடிவம் 1884இல் பாஸ்டனிலும் காட்சிக்கு வந்தன. பாஸ்டன் வடிவம் இன்று கேட்டிஸ்பர்க்கிலேயே உள்ளது. பெரும் சீரமைப்புக்குப் பின் 2008இல் மீண்டும் திறக்கப்பட்ட அவ்வோவியம் 377 அடி நீளமும் 42 அடி உயரமும் கொண்டது.

இக்காலத்து அமெரிக்க ஓவியக்கூடங்களில் விளக்கத்தாளோடு விரிவுரையாளரும் இருந்தார். மேடையில் நின்று அவர் பேச, கூட்டம் அவர் காட்டிய திசையில் திரும்பியது. போர் நிகழ்ந்த வரிசையில் ஓவியத்தை 'வாசித்துக்' காட்ட இது உதவியது. பட்டியலாக இருந்தது இதனால் கதையாயிற்று. ஆனால் விரிவுரையாளரின் வாக்கியங்கள் தனித்து நிற்கக்கூடியவை அல்ல. 'அதோ' என்று அவர் சொல்லும்போது, அச்சொல்லின் பொருளில் பாதி அவர் நீட்டிய கையில் இருந்தது. பேசுவோரும் கேட்போரும் ஒரே மேடையில் நின்றதால் மட்டுமே அவ்வுரை பொருள் தந்தது.

இன்று அவ்வோவியம் ஒளி-ஒலிக் காட்சியாகக் காட்டப்படுகிறது. விரிவுரையாளரின் கைக்கு ஈடாக, ஒளியே ஓவியத்தின் ஒரு பகுதியை எடுத்துக்காட்டுகிறது. இது தெளிவானது. எனினும் இருளில் ஆழ்ந்த பகுதியை விரும்பிப் பார்க்க எண்ணும் ஒருவருக்கு அவ்வேளையில் அவ்வுரிமை இல்லை. இருநூறு ஆண்டுகளில் கண்டறியப்பட்ட தீர்வுகள் இவ்வாறு இரு முனைகளில் நிற்கின்றன. ஒரு முனையில் சுதந்திரம் உண்டு, கதை இல்லை. மறு முனையில் கதை உண்டு, சுதந்திரம் இல்லை.

2015க்குப் பின்: குரல் மீண்டும் வருதல்

2015ஆம் ஆண்டில் 360 பாகைக் காணொளி பொதுமக்களிடம் பரவத் தொடங்கியது. அவ்வாண்டு ஜனவரியில் 'கிளவுட்ஸ் ஓவர் சிட்ரா' என்னும் குறும்படம் வெளிவந்தது. ஐக்கிய நாடுகள் அவையின் துணையோடு கேபோ அரோராவும் கிறிஸ் மில்க்கும் உருவாக்கிய இப்படம், ஜோர்தானின் சாத்தாரி முகாமில் வாழும் சிட்ரா என்னும் 12 வயதுச் சிரியச் சிறுமியின் அன்றாடத்தைக் காட்டுகிறது. விவரணை அச்சிறுமியின் தன்கூற்றாக அமைந்துள்ளது. அவள் ஓரிடத்தின் வாழ்க்கையைச் சொல்கிறாள். வகுப்பறையைப் பற்றிய கூற்று அறை முழுவதற்கும் பொருந்துவதால், பார்வையாளர் எந்த முகத்தை நோக்கி இருந்தாலும் அது உண்மையாகவே இருக்கிறது. உரை ஒரு புள்ளியைச் சாராமல் ஓர் இடத்தைச் சார்ந்திருப்பது இதன் வலிமை.

2016இல் வெளிவந்த 'நோட்ஸ் ஆன் பிளைண்ட்னஸ்: இன்டு டார்க்னஸ்' வேறொரு வழியைக் காட்டுகிறது. பார்வை இழந்த பேராசிரியர் ஜான் ஹல் 1980களில் ஒலிநாடாவில் பதிவுசெய்த நாட்குறிப்பே அதன் உரை. ஒரு பூங்காவில் அமர்ந்து தமக்குக் கேட்கும் ஒலிகளை அவர் ஒவ்வொன்றாக விவரிக்கிறார். பார்வையாளரைச் சூழ்ந்த இருளில், அவ்வொலிகளுக்குரிய உருவங்கள் ஒளிப்புள்ளிகளாகத் தோன்றுகின்றன. மெய்நிகர் ஊடகத்தை அறியாத காலத்தில் பேசப்பட்ட உரை, அதற்கு இவ்வளவு பொருந்தியதற்குக் காரணம் உண்டு. ஹல்லுக்குக் 'காட்டுதல்' என்னும் செயலே இயலாதது. அவர் ஒரு பொருளை அதன் ஒலி, தொலைவு, அசைவு ஆகியவற்றால் அடையாளப்படுத்துகிறார். அவ்வடையாளங்களைக் கொண்டு கேட்பவர் தாமே அதைத் தேடிக் கண்டடைகிறார்.

இவ்விரு ஆக்கங்களிலிருந்து ஒரு கருத்தைப் பெறலாம். கவனத்தை வழிநடத்துவது திசையைச் சொல்வதால் மட்டும் நிகழ்வதில்லை. தேடுவதற்கு ஒரு காரணத்தையும், கண்டதும் அறிந்துகொள்ள ஓர் அடையாளத்தையும், தேடுவதற்கான நேரத்தையும் உரை தந்தால் பார்வை தானே நகரும்.

ஒரு பகுதியைத் திருத்தி எழுதுதல்

இக்கருத்தைச் சோதிக்க, கேட்டிஸ்பர்க் ஓவியத்தின் நடுவில் ஒரு 360 பாகைக் கருவியை வைத்துப் பதிவு செய்ததாகக் கொள்வோம். அதற்கான விவரணையின் முதல் வடிவம் விரிவுரையாளர் மரபில் பின்வருமாறு அமையக்கூடும். இரு வடிவங்களும் இக்கட்டுரைக்கென எழுதப்பட்டவை.

"உங்கள் வலப்புறம் திரும்புங்கள். அதோ, கற்சுவரைத் தாண்டி வந்து வீழ்கிறாரே, அவர்தாம் படைத்தலைவர் ஆர்மிஸ்டெட். இப்போது பின்புறம் திரும்பினால் காயமுற்றோருக்கு மருத்துவம் நடக்கும் இடத்தைக் காணலாம். இனி இடப்புறம் பாருங்கள். இந்த மரத்தில் சாய்ந்து நிற்பவர் இவ்வோவியத்தை வரைந்த பிலிப்போட்டோ."

இதிலுள்ள பிழைகள் மூன்று. முதலாவது, 'வலப்புறம்' என்பது பார்வையாளர் அக்கணத்தில் எத்திசை நோக்கி நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. அவர் தொடக்கத்திலேயே திரும்பி நின்றிருந்தால், கட்டளையைப் பின்பற்றியதாலேயே தவறான இடத்தைக் காண்பார். இரண்டாவது, கட்டளைக்கும் பொருளுக்கும் இடையே நேரம் இல்லை. தலையைத் திருப்ப ஓரிரு நொடி போதும். ஆனால் நூற்றுக்கணக்கான உருவங்களுக்கு நடுவே ஒருவரைக் கண்டறியக் கூடுதல் நேரம் வேண்டும். அதற்குள் குரல் அடுத்த திசைக்குச் சென்றுவிடுகிறது. மூன்றாவது, திரும்பாதவருக்கு இவ்வுரை எதையும் தருவதில்லை. ஆர்மிஸ்டெட் யார், அவர் வீழ்ந்தது ஏன் முக்கியம் என்பன சொல்லப்படவில்லை. அவற்றைப் படம் சொல்லிவிடும் என்று உரை நம்பியிருக்கிறது.

திருத்திய வடிவம் வருமாறு:

"1863 ஜூலை 3, பிற்பகல். கேட்டிஸ்பர்க் நகருக்குத் தெற்கே ஒரு மேட்டுநிலம்.
[10 நொடி அமைதி]
இம்மேட்டைக் காத்து நின்றோர் வடவர். ஏறத்தாழ ஒரு மைல் திறந்தவெளியைக் கடந்து வந்தோர் தென்னவர்.
[6 நொடி அமைதி]
இரு தரப்புக்கும் இடையே இருந்தது தாழ்வான ஒரு கற்சுவர். அதைத் தாண்டிய சில நூறு பேருக்கு முன்னால், தொப்பியை வாள்முனையில் ஏந்தி நடந்து வந்தவர் லூயிஸ் ஆர்மிஸ்டெட். குண்டுபட்டு வீழ்ந்தபோது அவர் தரையில்தான் நின்றிருந்தார். ஓவியரோ அவரைக் குதிரைமேல் ஏற்றிவிட்டார்.
[12 நொடி அமைதி]
சண்டை ஒருபுறம் நடக்க, காயமுற்றோர் மறுபுறம் கொண்டுவரப்பட்டனர். மருத்துவர்கள் போர் முடியும்வரை காத்திருக்கவில்லை.
[10 நொடி அமைதி]
இப்போரை வரைந்த பால் பிலிப்போட்டோ இதைக் கண்டவர் அல்லர். 19 ஆண்டுகளுக்குப் பின்னரே இங்கு வந்தார். ஆயினும் மரத்தில் சாய்ந்து நிற்கும் ஓர் அதிகாரியாகத் தம்மையும் வரைந்துகொண்டார்."

முதலில் வரும் 10 நொடி அமைதி வெறுமையன்று. புதிய இடத்துக்குள் வந்தவர் முதலில் சுற்றிப் பார்ப்பார். அந்நேரத்தில் சொல்லப்படும் செய்தி மனத்தில் தங்குவதில்லை. பார்க்கரின் இருண்ட நடைவழி இதே பணியைச் செய்தது எனலாம். அதனால் தொடக்கத்தில் காலமும் இடமும் மட்டும் சொல்லப்பட்டுள்ளன.

ஆர்மிஸ்டெட் பற்றிய பகுதியே திருத்தத்தின் மையம். அவர் நடந்து வந்தார் என்பது வரலாறு. குதிரையில் இருப்பதாகக் காட்டுவது ஓவியம். உரை இம்முரணைச் சொன்னதும் பார்வையாளருக்குத் தேடக் காரணம் பிறக்கிறது. கற்சுவர், குதிரை, வீழும் வீரர் ஆகிய மூன்றும் அவர் தேடுவதற்கான அடையாளங்கள். பின்னர் வரும் 12 நொடி அமைதி, கண்டறிவதற்கான நேரம். தேட விரும்பாதவருக்கும் வாக்கியம் பயனற்றுப் போவதில்லை. ஓவியம் வரலாற்றை மாற்றியுள்ளது என்னும் செய்தி அவரையும் சென்றடைகிறது.

காயமுற்றோர் பற்றிய வாக்கியத்தில் 'பின்புறம்' என்னும் சொல் நீக்கப்பட்டு, 'ஒருபுறம்', 'மறுபுறம்' என்பன இடம்பெற்றுள்ளன. திசை இங்கே பார்வையாளரின் உடலை அளவுகோலாகக் கொள்ளவில்லை. சண்டையை அளவுகோலாகக் கொள்கிறது. சண்டையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் மறுபக்கம் திரும்பலாம் என்று உணர்வார். ஏற்கெனவே மறுபக்கத்தைப் பார்த்திருப்பவர், தாம் காண்பது இன்னதென்று அறிவார்.

ஒலியமைப்பும் இவ்வெழுத்தின் ஒரு பகுதியாகும். சூழலொலி ஒரு திசையில் நிலைத்திருக்க வேண்டும். சுவர்ப்பக்கத்துப் பீரங்கி ஒலி, தலை திரும்பினாலும் சுவர்ப்பக்கத்திலிருந்தே கேட்க வேண்டும். விவரணைக் குரலோ தலையோடு சேர்ந்து நகரும்படி தனித் தடத்தில் வைக்கப்பட வேண்டும். குரலுக்கு ஒரு திசை இருந்தால், பேசுபவர் யார் என்று பார்வையாளர் திரும்பித் தேடுவார். உரை தவிர்த்த கட்டளையை ஒலியே இட்டுவிடும்.

தமிழின் சுட்டும் சொல்வரிசையும்

இத்திருத்தத்தைத் தமிழில் செய்யும்போது இரு மொழிக்கூறுகள் முன்னிற்கின்றன. ஒன்று சுட்டு. அ, இ, உ என்னும் மூன்றையும் சுட்டெழுத்துகளாகத் தொல்காப்பியம் கூறுகிறது. சேய்மையும் அண்மையும் பேசுவோரின் இடத்தைக் கொண்டு அளக்கப்படுகின்றன. இடைநிலையை உணர்த்தும் உகரச்சுட்டு இன்றும் யாழ்ப்பாணத் தமிழில் வழங்குகிறது. மெய்நிகர் காணொளியின் விவரணையாளருக்கோ காட்சியினுள் இடமே இல்லை. எனவே அவர் சொல்லும் 'அதோ', 'இந்த மரம்' ஆகியவை எதிலிருந்து தொலைவு, எதற்கு அருகில் என்பது விளங்காது.

ஆயினும் எல்லாச் சுட்டுகளையும் நீக்க வேண்டியதில்லை. திருத்திய வடிவத்தில் 'இம்மேடு', 'இங்கு வந்தார்' ஆகியவை தக்கவைக்கப்பட்டுள்ளன. அவை பார்வையாளர் நிற்கும் இடத்தையே குறிக்கின்றன. அவர் எப்பக்கம் திரும்பினாலும் நிற்கும் இடம் மாறுவதில்லை. அதுபோல, 'அதைத் தாண்டிய' என்பதிலுள்ள சுட்டு முன்சொன்ன சுவரைக் குறிக்கிறது. கண்ணால் காணும் இடத்தைக் குறிக்கவில்லை. நிற்கும் இடத்தைச் சுட்டுவதும் சொல்லப்பட்டதைச் சுட்டுவதும் பாதுகாப்பானவை. காணப்படும் பொருளைச் சுட்டுவதே இடர் தருவது.

மற்றொன்று சொல்வரிசை. தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன் வருவதால், ஒரு பொருளின் அடையாளங்களை முதலிலும் அதன் பெயரை இறுதியிலும் சொல்வது இயல்பாக அமைகிறது. 'தொப்பியை வாள்முனையில் ஏந்தி நடந்து வந்தவர் லூயிஸ் ஆர்மிஸ்டெட்' என்னும் வாக்கியத்தில், கேட்போர் மனத்தில் உருவம் முதலில் எழுகிறது. பெயர் அதனை முடித்துவைக்கிறது. தேடும் கண்ணுக்கு இவ்வரிசை உதவுகிறது. ஆனால் அடைமொழிகள் இரண்டு மூன்றுக்கு மேல் அடுக்கப்பட்டால் கேட்போர் முதலாவதை மறந்துவிடுவார். படிக்கும் உரையில் மீண்டும் பார்க்கலாம். கேட்கும் உரையில் அதற்கு வழியில்லை.

சோதனையும் எல்லையும்

இவ்வாறு எழுதிய உரை சரியானதா என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. காட்சியின் முக்கிய நிகழ்வுக்கு முதுகைக் காட்டியபடி உரையை முழுவதும் கேட்க வேண்டும். அந்நிலையில் எவ்வாக்கியம் பொய்யாகவோ பொருளற்றதாகவோ தோன்றுகிறதோ, அதுவே திருத்தப்பட வேண்டியது. அடுத்து, அதே உரையைப் படமின்றிக் கேட்க வேண்டும். எதையும் பார்க்கும் விருப்பம் எழவில்லையெனில், உரை வானொலி நிகழ்ச்சியாகிவிட்டது என்பது பொருள். எல்லாவற்றையும் தானே சொல்லிவிடும் உரையும் பார்வையைத் தடுக்கும் உரையே. முதற்சோதனையில் தேறி இரண்டாவதில் தோற்கும் உரைகள் உண்டு. முரண், விடுபட்ட விவரம், கேள்வி ஆகியவற்றுள் ஒன்றை மீண்டும் சேர்ப்பதே அவற்றுக்கான மருந்து.

பார்வையாளர் தலை திரும்பும் திசையைப் பதிவு செய்யும் கருவிகளும் உள்ளன. யூடியூப் நிறுவனம் 2017இல் 360 பாகைக் காணொளிகளுக்குப் பார்வைச்செறிவு வரைபடத்தை அறிமுகப்படுத்தியபோது, பார்வையாளர்கள் தம் நேரத்தின் 75 விழுக்காட்டை முன்னுள்ள 90 பாகைக்குள்ளேயே செலவிடுகின்றனர் என்று தெரிவித்தது. இதனைக் கொண்டு, பின்புறத்தைப் புறக்கணிக்கலாம் என்று முடிவு செய்வது பொருந்தாது. திரும்புவதற்கு உரை ஒரு காரணமும் தராதபோது முன்னோக்கியே இருப்பது இயல்பு. மேலும், இவ்வரைபடம் தலையின் திசையைக் காட்டுமேயன்றி, ஒருவர் எதைக் கவனித்தார் என்பதையோ என்ன புரிந்துகொண்டார் என்பதையோ காட்டாது. திருத்தத்துக்கு முன்னும் பின்னும் உள்ள பதிவுகளை ஒப்பிட்டு, குறிப்பிட்ட வாக்கியத்துக்குப் பின் பார்வை பரவியதா என்று காண்பதே இதன் உரிய பயன்.

இம்முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. கதை புரிவதற்கு இன்றியமையாத ஒரு செய்தியை, காணலாம் அல்லது காணாமல் விடலாம் என்னும் நிலையில் படத்தில் மட்டும் வைக்கக்கூடாது. அதனை உரையே சொல்லிவிட வேண்டும். மேலே காட்டிய பகுதியில், பிலிப்போட்டோ தம்மை வரைந்துகொண்டதை ஒருவர் கண்டுபிடிக்காவிட்டாலும் அச்செய்தியை இழப்பதில்லை. கண்டுபிடிக்கும் இன்பத்தை மட்டுமே இழக்கிறார்.

முடிவுரை

பார்க்கரின் விளக்கத்தாள் பார்வையைச் சுதந்திரமாக விட்டுப் பெயர்களைத் தந்தது. விரிவுரையாளர் கதையைத் தந்து பார்வையைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். மெய்நிகர் காணொளியின் விவரணை இவ்விரண்டையும் ஒருசேரப் பெற வேண்டுமாயின், அதன் வாக்கியம் இரு தகுதிகளைக் கொண்டிருக்க வேண்டும். பார்வையாளர் எங்கு நோக்கினாலும் அது உண்மையாக இருக்க வேண்டும். அதே வேளையில், வேறோரிடத்தில் காண்பதற்கு ஏதோ இருக்கிறது என்று அவர் உணரவும் வேண்டும். கேட்டிஸ்பர்க் பகுதியில் இதனைச் செய்தது புதிய தொழில்நுட்பம் ஒன்றும் அன்று. ஒரு கட்டளை நீக்கப்பட்டு, குதிரை பற்றிய ஒரு முரண் சொல்லப்பட்டு, அதன்பின் 12 நொடி அமைதி விடப்பட்டது. அந்த 12 நொடியில் எங்கே பார்ப்பது என்பதைப் பார்வையாளரே முடிவு செய்கிறார்.